தேர்வு மாதத்தில் வேலை நேரத்தை மாற்றிக் கேட்பது எப்படி?

வேலைக்குப் போய்க்கொண்டே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். இதற்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் உதவுகிறது. இது 1989-இல் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு நடக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு முறை. அக்டோபர், நவம்பர் மாதங்களில் இன்னொரு முறை. தமிழிலும் எழுதலாம்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. தேர்வு பெரும்பாலும் பிற்பகல் 2.30 மணிக்குத் தொடங்குகிறது. அது வேலை நேரம். தேர்வுக்கென்று தனி விடுப்பு தர வேண்டும் என்று தொழிற்சாலைகளுக்கான சட்டம் சொல்லவில்லை. ஆகவே மேலாளரிடம் கேட்டுத்தான் பெற வேண்டும். வேலை கெடாமல் இருக்க வழியையும் சேர்த்துச் சொன்னால், அவர் சம்மதிப்பது எளிது.

முதலில் கணக்குப் போடுங்கள்

பெங்களூரில் ஒரு தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். அங்கே பொட்டலம் கட்டும் பிரிவில் ஒருவர் வேலை செய்கிறார். ஒரு வாரம் முதல் ஷிப்டு. அது காலை 6 மணி முதல் 2 மணி வரை. அடுத்த வாரம் இரண்டாம் ஷிப்டு. அது 2 மணி முதல் இரவு 10 மணி வரை.

அவருக்கு ஐந்து பாடம். தேர்வு அட்டவணை வந்ததும் தேதிகளை ஒரு தாளில் எழுதினார். அக்டோபர் 8, 14, 22, 29, நவம்பர் 4. ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் தன் ஷிப்டை எழுதினார். 14, 29 ஆகிய இரண்டு நாளும் இரண்டாம் ஷிப்டில் வந்தன. மற்ற மூன்று நாளும் முதல் ஷிப்டு.

தேர்வு மையத்துக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம் ஆகும். 2 மணிக்கு வேலை முடித்துப் புறப்பட்டால் தேர்வு தொடங்கிவிடும். ஆக, அவருக்கு வேண்டியவை இரண்டே. ஒன்று, இரண்டு வாரம் ஷிப்டு மாற்றம். மற்றொன்று, ஐந்து நாள் ஒரு மணி நேரம் முன்னதாகப் போக அனுமதி. முழு மாதமும் விடுப்புத் தேவையில்லை.

பிறகு ஆளைத் தேடுங்கள்

எதிர் ஷிப்டில் அதே வேலை செய்பவரிடம் அவர் முதலில் பேசினார். "இரண்டு வாரம் நீங்கள் இரண்டாம் ஷிப்டுக்கு வாருங்கள். தேர்வு முடிந்ததும் உங்களுக்காக இரண்டு வாரம் நான் வருகிறேன்" என்றார். அவர் ஒப்புக்கொண்டார். கடைசி ஒரு மணி நேர வேலையைப் பிரித்துச் செய்ய, உடன் வேலை செய்யும் இருவர் சம்மதித்தார்கள். மேற்பார்வையாளரிடமும் சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் மேலாளருக்குக் கடிதம் எழுதினார்.

*ஐயா,*
*நான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறேன். தேர்வுத் தேதிகள் இத்துடன் உள்ளன. அக்டோபர் 14, 29 தேதிகள் வரும் வாரங்களில் எனக்கு முதல் ஷிப்டு தர வேண்டுகிறேன். எனக்குப் பதில் வருபவர் கீழே கையெழுத்திட்டுள்ளார். தேர்வு நடக்கும் ஐந்து நாளும் பகல் 1 மணிக்குப் போக அனுமதி வேண்டும். அந்த ஐந்து மணி நேரத்தை எப்படிக் கணக்கிடுவது என்று தாங்கள் சொல்லும்படி நடக்கிறேன்.*
*தங்கள் உண்மையுள்ள,*

எப்போது கேட்பது?

ஹால் டிக்கெட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அது அட்டவணைக்குப் பிறகுதான் வரும். அதற்குள் அந்த மாத ஷிப்டுப் பட்டியல் ஒட்டப்பட்டுவிடலாம். அட்டவணை வந்ததுமே கடிதம் கொடுங்கள். ஹால் டிக்கெட் வந்ததும் அதன் நகலையும் கொடுங்கள். அறிவியல் போன்ற பாடங்களுக்குச் செய்முறைத் தேர்வு தனி நாளில் நடக்கும். அந்தத் தேதியையும் மறக்காமல் சேருங்கள்.

எங்கே தவறும்?

வாய்ச் சம்மதம் மட்டும் போதாது. மேலாளர் சரி என்றிருப்பார். ஆனால் வாயிற்காவலருக்குத் தெரியாது. 1 மணிக்குக் கேட்டில் நிறுத்திவிடுவார். வருகைப் பதிவேட்டில் அரை நாள் குறைத்து எழுதிவிடவும் கூடும். ஆகவே கடித நகலில் மேலாளர் கையெழுத்து வாங்குங்கள். அதை டைம் ஆபீசில் காட்டுங்கள். தேர்வு நாளில் காலையிலேயே கேட் பாஸ் வாங்கி வையுங்கள். வருகைக்கான ஊக்கத்தொகை குறையுமா என்றும் முன்பே கேளுங்கள். சம்பள நாளில் கேட்டால் சண்டைதான் மிஞ்சும்.

மூன்று நாள்தான் தர முடியும் என்றால்?

அப்போதும் படிப்பு வீணாகாது. ஐந்து பாடத்தையும் ஒரே முறையில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்று பாடம் இப்போது எழுதலாம். தேர்ச்சி பெற்ற பாடங்கள் கணக்கில் இருக்கும். மீதி இரண்டை அடுத்த முறை எழுதலாம். பதிவு ஐந்து ஆண்டு செல்லும். அதற்குள் ஒன்பது வாய்ப்பு உண்டு.

ஆனால் தேர்வுக் கட்டணம் பாடத்துக்கு இவ்வளவு என்று கட்டுவது. பணம் கட்டிய பிறகு எழுதாமல் விட்டால், அந்தப் பாடத்துக்கு மறுபடி கட்ட வேண்டும். ஆகவே கட்டணம் கட்டும் முன்பே, "தேர்வு மாதத்தில் எத்தனை நாள் கிடைக்கும்?" என்று மேலாளரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். அதற்கு ஏற்ப பாடங்களைத் தேர்ந்தெடுங்கள்.