சீசாவில் ஒளிந்திருக்கும் தண்ணீர்

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறையில் ஆக்சாலிக் அமிலத்தை நிறுத்துத் திட்டக் கரைசல் தயாரிப்பார்கள். தராசு 1.61 கிராம் காட்டுகிறது. ஆனால் வேதிவினைக்குக் கிராம் கணக்கு தெரியாது. இரண்டு மூலக்கூறுக்கு ஐந்து மூலக்கூறு என்று எண்ணிக்கையில்தான் அது நடக்கிறது. அந்த எண்ணிக்கையின் அலகுதான் மோல். ஒரே வகைக் காசுகள் நிறைந்த மூட்டையை நிறுத்து, ஒரு காசின் எடையால் வகுத்தால் எத்தனை காசு என்று தெரிந்துவிடும். இங்கும் அதே வேலைதான்: கிராமை மோலார் நிறையால், அதாவது ஒரு மோலின் எடையால், வகுக்க வேண்டும்.

வகுத்தல் எளிது. எதனால் வகுப்பது என்பதில்தான் சறுக்கல். பாடப்புத்தகத்தில் ஆக்சாலிக் அமிலம் H₂C₂O₄. அணு நிறைகளைக் கூட்டினால் 90. ஆய்வகச் சீசாவில் இருப்பதோ H₂C₂O₄·2H₂O. ஒவ்வொரு அமில மூலக்கூறோடும் இரண்டு நீர் மூலக்கூறுகள் படிகத்துக்குள் கட்டுண்டு கிடக்கின்றன. தொட்டால் ஈரம் தெரியாது, உலர்ந்த வெள்ளைப் படிகம்தான். ஆனாலும் தராசு அந்த நீரையும் சேர்த்தே நிறுக்கிறது. நீருக்கு 36 கூட்டினால் மோலார் நிறை 126. சீசாவின் லேபிளிலேயே பெரும்பாலும் இது அச்சிட்டிருக்கும், படிக்கிறவர்கள் குறைவு.

1.61-ஐ 126-ஆல் வகுத்தால் 0.0128 மோல். அதை 250 மில்லி குடுவையில் கரைத்து, குறிவரை நீர் ஊற்றினால் செறிவு 0.0511 மோலார். 90-ஆல் வகுத்தவருக்கு இதே கரைசல் 0.0716 மோலாராகத் தெரியும். நாற்பது சதவீதம் கூடுதல்!

இந்தப் பிழையைப் பியூரெட் காட்டிக்கொடுக்காது. 20 மில்லி அமிலத்துக்குப் பெர்மாங்கனேட் 20.4 மில்லி செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். திரும்பச் செய்தாலும் அதே 20.4 வரும். அளவீடுகள் ஒத்துப்போவதால் எல்லாம் சரி என்று தோன்றும். அளந்ததில் குறையில்லை, கணக்கில்தான் குறை.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஐந்து மோல் அமிலத்துக்கு இரண்டு மோல் பெர்மாங்கனேட் என்ற விகிதப்படி, 126-ஆல் வகுத்தவருக்குப் பெர்மாங்கனேட்டின் செறிவு 0.020 என்று வரும். 90-ஆல் வகுத்தவருக்கு 0.028. இப்போது அந்த ஊதாக் கரைசலை எப்படித் தயாரித்தார்கள் என்று ஆய்வக உதவியாளரிடம் கேட்க வேண்டும். லிட்டருக்கு 3.16 கிராம் போட்டிருந்தால், பெர்மாங்கனேட்டின் மோலார் நிறை 158 என்பதால், அது மிஞ்சிப்போனால் 0.02 மோலார். வைத்திருக்க வைத்திருக்கப் பெர்மாங்கனேட் கொஞ்சம் சிதைந்து செறிவு குறையுமே தவிரக் கூடாது. ஆகவே 0.028 வர வழியே இல்லை.

சோடியம் ஹைட்ராக்சைடு விஷயத்தில் இந்த வகுத்தலே செல்லாது. அதன் வில்லைகளைத் தராசில் வைத்த கணத்திலிருந்து காற்றின் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். நிறுத்ததில் எவ்வளவு ஹைட்ராக்சைடு என்பது தெரியாதபோது 40-ஆல் வகுத்துப் பயனில்லை. அதனால்தான் அதைத் தோராயமாகக் கரைத்துவிட்டு, அதன் செறிவை இதே ஆக்சாலிக் அமிலத்தைக் கொண்டு தரம்பார்த்துக் கண்டுபிடிக்கிறார்கள்.