புது வண்டியும் தற்காலிகப் பதிவும்: இன்சூரன்ஸ் எதுவரை துணை நிற்கும்?

கடை வேலைக்கென்று புதுக் கார் எடுக்கும் நம் உறுப்பினர்களில் பலர், பிரீமியம் கட்டி பாலிசி கைக்கு வந்துவிட்டால் வண்டிக்கு ஓராண்டுக்குக் கவலையில்லை என்று எண்ணிக்கொள்கிறார்கள். பாலிசியில் ஒரு தேதி இருக்கிறது. தற்காலிகப் பதிவுச் சான்றில் வேறொரு தேதி இருக்கிறது. இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அதே மாநிலத்தில் பதிவாகும் புது வண்டிக்கு டீலரே விண்ணப்பிக்க வேண்டும். நம்பர் பிளேட் பொருத்திய பிறகே வண்டியை ஒப்படைக்க வேண்டும். ஆகவே இன்று தற்காலிகப் பதிவு முக்கியமாக அடுத்த மாநிலத்தில் வண்டி வாங்குவோருக்கே வருகிறது. ஓசூர் வியாபாரி பெங்களூரில் கார் எடுத்து, இங்கே பதிவு செய்ய ஓட்டி வருவது இவ்வகை. மஞ்சள் தகட்டில் சிவப்பு எழுத்தோடு வருகிற எண் அதுதான்.

இந்த இடைக்காலத்தில் பாலிசி செல்லாது என்பதல்ல. பதிவு எண் இல்லாவிட்டாலும் என்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வைத்தே பாலிசி எழுதப்படுகிறது. தற்காலிகப் பதிவு நடப்பில் இருக்கும்வரை, விபத்தானாலும் திருட்டானாலும் நிரந்தர எண் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக கிளைமைத் தள்ள இடமில்லை. அந்த இரண்டு எண்களும் வண்டியில் உள்ளபடியே பாலிசியில் இருக்கின்றனவா என்று டெலிவரி அன்றே ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் பிறகு அலைய வேண்டிவரும்.

சிக்கல் தற்காலிகப் பதிவு முடிந்த மறுநாள் தொடங்குகிறது. ராஜஸ்தானைச் சேர்ந்த ஒரு ஒப்பந்ததாரரின் வழக்கைப் பாருங்கள். அவர் பஞ்சாபில் புது பொலிரோ வாங்கினார். யுனைடெட் இந்தியா நிறுவனத்தில் 6,17,800 ரூபாய்க்கு பாலிசி எடுத்தார். தற்காலிகப் பதிவு 19-7-2011-ல் முடிந்தது. தொழில் வேலையாக அதே வண்டியில் ஜோத்பூர் சென்று, 28-7-2011 இரவு விடுதிக்கு வெளியே நிறுத்தினார். காலையில் வண்டியைக் காணோம். பாலிசி நடப்பில்தான் இருந்தது. போலீஸ் புகாரும் கொடுத்தார். ஆனாலும் பதிவில்லாத வண்டி என்று கிளைம் மறுக்கப்பட்டது.

மாநில நுகர்வோர் ஆணையமும் தேசிய ஆணையமும் அவருக்குச் சாதகமாகவே சொல்லின. பதிவுக்கும் திருட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நமக்கும் தோன்றும். உச்ச நீதிமன்றம் 30-9-2021 அன்று அதை ஏற்கவில்லை. பதிவில்லாத வண்டியை ஜோத்பூருக்கு ஓட்டிச் சென்றதே பாலிசி நிபந்தனையின் அடிப்படை மீறல். இழப்பு நேரும் வேளையில் அத்தகைய மீறல் இருந்தால் நிறுவனம் பணம் தர வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. ஒன்பது நாள் தாமதத்தில் முழுத் தொகையும் போயிற்று.

இது புதிய கொள்கையும் அல்ல. 2014-ல் முடிந்த மற்றொரு வழக்கில் தற்காலிகப் பதிவு 11-1-2006-ல் முடிந்து, 2-2-2006-ல் விபத்து நேர்ந்தது. அங்கும் இதே முடிவுதான். காலம் முடியும் முன்போ பின்போ பதிவுக்கோ நீட்டிப்புக்கோ விண்ணப்பித்ததற்கு உரிமையாளரிடம் ஆதாரம் எதுவும் இல்லை என்பதை நீதிமன்றம் குறிப்பிட்டது. விண்ணப்பம் மட்டுமே காப்பாற்றிவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்; அது இல்லாதவருக்கு வாதிடவே வழியில்லை என்பதுதான் விஷயம்.

நம் ஓசூர் வியாபாரிக்கே வருவோம். அவருடைய தற்காலிகச் சான்று 10-ம் தேதி முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி வந்த வாரத்திலேயே டீலர் தரும் விற்பனைச் சான்று, தயாரிப்பாளரின் தகுதிச் சான்று, பாலிசி, தற்காலிகச் சான்று, முகவரி ஆதாரம் ஆகியவற்றோடு தம் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்து, ஆயுட்கால வரியும் கட்டி, வண்டியைப் பார்வையிடக் காட்ட வேண்டும். தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் அலுவலகமல்ல. விரும்பிய நம்பருக்காகவும் நல்ல நாளுக்காகவும் காத்திருப்பதுதான். நம்பருக்குக் காத்திருப்பவர் அந்த 10-ம் தேதியைக் காத்திருக்க வைக்க முடியாது! எண் கிடைக்காது என்று தெரிந்தால், தேதி முடியும் முன்பே எழுத்தில் கால நீட்டிப்புக் கேட்டு, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். நீட்டிப்பும் கிடைக்காவிட்டால் 11-ம் தேதி முதல் வண்டி ஷெட்டை விட்டு நகரக்கூடாது. பக்கத்துத் தெருவுக்கு வசூலுக்குப் போவதும் ஓட்டுவதுதான்.

சரக்கு வண்டிக்கு சேஸிஸ் வாங்கி பாடி கட்டக் கொடுப்போருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பட்டறையில் வேலை இழுத்தடிக்கும்போது சான்றின் தேதி நினைவில் இருக்கட்டும்.

நிரந்தர எண் வந்ததும் ஆர்.சி. நகலுடன் இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கு எழுதி, பாலிசியில் அந்த எண்ணைச் சேர்த்து எண்டார்ஸ்மெண்ட் வாங்கிக்கொள்ளுங்கள்.