மாதம் 40,000 லாபம் வேண்டும்: எத்தனை கிலோ மாவு ஆட்டுவது?

இட்லி மாவுக் கடை வைத்திருப்பவரிடம் போன மாதம் எவ்வளவு நின்றது என்று கேட்டால் பதில் உடனே வரும். அடுத்த மாதம் 40,000 ரூபாய் கையில் நிற்க எத்தனை கிலோ விற்க வேண்டும் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். முதல் கேள்விக்கு விற்பனையிலிருந்து லாபத்துக்கு முன்னோக்கிக் கணக்குப் போட்டால் போதும். இரண்டாவதற்கு லாபத்திலிருந்து விற்பனைக்குப் பின்னோக்கி வர வேண்டும். எக்செல்லில் இதற்கென்றே இருக்கும் வசதியின் பெயர் Goal Seek. உளுந்து விலை ஏறும், இறங்கும். பாக்கெட் திரும்பி வரும், வராமலும் இருக்கும். அந்த நிச்சயமின்மையைக் கணக்குக்குள் கொண்டுவரப் பக்கத்திலேயே Scenario Manager இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது எப்படி என்று ஒரு உதாரணக் கடையை வைத்துப் பார்க்கலாம்.

கடையில் கிலோ பாக்கெட் மட்டும்தான். மளிகைக் கடைகளுக்கு 40 ரூபாய்க்குப் போகிறது. அரிசி, உளுந்து, வெந்தயம், கவர், மின்சாரம், வண்டிச் செலவு எல்லாம் சேர்த்து ஒரு கிலோவுக்கு 25 ரூபாய் ஆகிறது. விற்காமல் புளித்துப்போன பாக்கெட்டை மளிகைக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிடுவார். இந்த ரிட்டன் சாதாரணமாக 100-க்கு 4. கிரைண்டர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் பிறந்தால் கொடுத்தாக வேண்டியவை: வாடகை 12,000, இரண்டு ஆட்கள் சம்பளம் 30,000, கிரைண்டர் கடன் தவணை 6,000, சில்லறைச் செலவு 6,000. ஆக 54,000. (தவணையை அப்படியே செலவில் சேர்ப்பதைக் கணக்காளர் ஒப்புக்கொள்ள மாட்டார். கடைக்காரருக்கு அது மாதாமாதம் கையை விட்டுப் போகும் பணம், அதனால் இங்கே சேர்த்தாகிவிட்டது.) இப்போது மாதம் 5,000 கிலோ ஆட்டுகிறார்கள்.

இத்தனையும் தாளில் ஆறு வரிதான். B1 விலை, B2 கிலோவுக்கு ஆகும் செலவு, B3 ரிட்டன், B4 மாதச் செலவு, B5 ஆட்டும் கிலோ, B6 லாபம்.

```
B1   40
B2   25
B3   4%
B4   54000
B5   5000
B6   =B5*(1-B3)*B1-B5*B2-B4
```

B6-இல் 13,000 என்று வருகிறது. ரிட்டன் எப்படிக் கணக்கில் சேர்ந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பணம் வருவது விற்ற பாக்கெட்டுக்கு மட்டும். செலவோ ஆட்டிய மாவு முழுவதற்கும். விற்ற பாக்கெட் 15 ரூபாய் கொண்டுவருகிறது, திரும்பி வந்த பாக்கெட் 25 ரூபாயைத் தின்றுவிட்டுப் போகிறது. பாக்கெட் விற்றால் கிடைக்கும், திரும்பினால் கிடைக்காது, அவ்வளவுதானே என்று நினைத்து இந்த வரியைத் தப்பாக எழுதுகிறவர்கள் உண்டு. அப்படி எழுதினால் பின்னால் வரும் எல்லா விடையும் தப்பாகும்.

இனி Data பட்டையில் What-If Analysis, அதற்குள் Goal Seek. மூன்றே பெட்டிகள் திறக்கும். Set cell என்பதில் B6, To value என்பதில் 40000, By changing cell என்பதில் B5. சரி என்றதும் B5-இல் 7014.9 என்று வந்து நிற்கும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 234 கிலோ. காசு கொடுத்து எக்செல் வாங்காதவர்கள் லிப்ரே ஆபீஸில் Tools பட்டையில் இதே பெயரைத் தேடலாம். முதல் பெட்டியில் கொடுக்கும் செல்லில் ஃபார்முலா இருக்க வேண்டும். கடைசிப் பெட்டியில் கொடுக்கும் செல்லில் கையால் போட்ட எண்தான் இருக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் எக்செல் ஏற்காது. உள்ளே மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு எண்ணைப் போட்டுப் பார்த்து, லாபம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று கவனித்து, அதற்கேற்ப அடுத்த எண்ணைப் போட்டு நெருங்குகிறது. நாம் கையால் செய்தால் பத்து நிமிடம் ஆகும் வேலை.

7,015 கிலோ என்ற விடை சரிதான். ஆனால் உளுந்து இதே விலையிலும் ரிட்டன் இதே அளவிலும் நின்றால்தான் அது சரி. ஆகவே நிலைமை மூன்றாகப் பிரிகிறது. எதிர்பார்க்கும் மாதத்தில் மேலே சொன்னபடி செலவு 25, ரிட்டன் 4%. நல்ல மாதத்தில் உளுந்து மலிந்து செலவு 23, ரிட்டன் 2%. மோசமான மாதத்தில் உளுந்து ஏறிச் செலவு 28. வெயிலில் மாவு சீக்கிரம் புளித்து ரிட்டன் 8%. Scenario Manager-இல் Add கொடுத்து, மாறும் செல்கள் B2, B3 என்று சொல்லி, மூன்றையும் மூன்று பெயரில் சேமித்துவிடலாம். பிறகு ஒரு பெயரைத் தொட்டு Show கொடுத்தால் அந்த எண்கள் தாளில் வந்து உட்காரும். அங்கேயே Summary என்று ஒரு பொத்தான் உண்டு. அது மூன்றையும் அருகருகே வைத்து ஒரு தனித் தாள் தரும். லாபம் 27,000, 13,000, கடைசியில் 10,000 நஷ்டம்.

பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பளிச்சென்று கட்டம் போட்ட அந்தத் தாளைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் அது சொல்வது, 5,000 கிலோவே ஆட்டினால் மூன்று நிலைமையிலும் என்ன நிற்கும் என்பதை. நாம் கேட்டதோ, 40,000 நிற்க ஒவ்வொரு நிலைமையிலும் எத்தனை கிலோ வேண்டும் என்று. அந்த விடைக்கு ஒவ்வொரு பெயரையும் Show கொடுத்துக் கொண்டுவந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக Goal Seek ஓட்டி, வரும் எண்ணை வேறோர் இடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தடவையும் B5-இல் பழைய எண் அழிந்து புதியது வரும் என்பதால் குறித்துக்கொள்ளாவிட்டால் போயிற்று. இன்னொன்றும் உண்டு. நாளை உளுந்து விலை மாறி B2-ஐத் திருத்தினால் லாபம் உடனே மாறும்; ஆனால் Goal Seek கண்டுபிடித்த கிலோவும் மாறாது, Summary தாளும் மாறாது. அவை எடுத்த நாளின் படம்போல அப்படியே நிற்கும். தாளின் தலையில் தேதி எழுதி வைப்பது நல்லது.

ஓட்டிப் பார்த்தால் நல்ல மாதத்துக்கு 5,802 கிலோ. எதிர்பார்க்கும் மாதத்துக்கு 7,015. மோசமான மாதத்துக்கு 10,682, அதாவது நாளைக்கு 356 கிலோ. செலவு மூன்று ரூபாய் ஏறியதற்கும் நூற்றுக்கு நான்கு பாக்கெட் கூடுதலாகத் திரும்பியதற்குமா இத்தனை பெரிய தாவல் என்று மலைப்பாக இருக்கும். காரணம் எளிது. ஆட்டும் ஒரு கிலோ சராசரியாக 13 ரூபாய் 40 காசு மிச்சம் தந்துகொண்டிருந்தது. இப்போது 8 ரூபாய் 80 காசுதான் தருகிறது. மிச்சம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால், அதே 94,000-ஐச் சேர்க்க ஒன்றரை மடங்கு மாவு வேண்டியிருக்கிறது. ரிட்டன் மட்டும் 4 சதவீதத்திலேயே நின்றிருந்தால் 9,038 கிலோ போதும். உளுந்து விலை கடைக்காரர் கையில் இல்லை. ரிட்டன் ஓரளவு அவர் கையில் இருக்கிறது. எந்தக் கடைக்கு எத்தனை பாக்கெட் என்பதை அளந்து போடலாம், இரண்டு நாளுக்கு ஒரு தடவை போடுவதைத் தினமும் போடலாம்.

10,682 என்ற விடையில் இன்னொரு கோளாறும் ஒளிந்திருக்கிறது. இருக்கும் கிரைண்டரும் இரண்டு ஆட்களும் சேர்ந்து மாதம் 8,000 கிலோவுக்கு மேல் ஆட்ட முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தாளில் எங்கும் எழுதப்படவில்லை. எழுதாததை Goal Seek அறியாது. 8,000 தாண்டினால் இன்னோர் ஆளும் இன்னொரு கிரைண்டர் தவணையுமாக 18,000 ரூபாய் கூடும். ஆகவே B4-இல் வெறும் எண்ணுக்குப் பதிலாக இப்படி எழுத வேண்டும்:

```
=54000+IF(B5>8000,18000,0)
```

இப்போது மோசமான மாதத்துக்கு விடை 12,727 கிலோ. எதிர்பார்க்கும் மாதத்திலோ வேடிக்கை ஒன்று நடக்கும். B5-இல் 5,000 இருக்கும்போது Goal Seek ஓட்டினால் 7,015 என்று சொல்லும். அதே செல்லில் முதலில் 10,000 போட்டுவிட்டு ஓட்டினால் 8,358 என்று சொல்லும். இரண்டும் சரி, இரண்டிலும் லாபம் 40,000 தான். 8,000 கிலோவில் 53,200 ஆக இருக்கும் லாபம், ஒரு கிலோ கூடியதும் புதுச் செலவு வந்து விழுவதால் 35,213-க்குச் சரிந்து, அங்கிருந்து மறுபடி ஏறுகிறது. ஏறும் வழியில் 40,000-ஐ இரண்டாம் முறை கடக்கிறது. Goal Seek தொடங்கிய இடத்திலிருந்து தேடி, முதலில் கிடைத்ததைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். இன்னொன்று இருக்கிறது என்று சொல்லாது. இப்படிப் படி வைத்த செலவு இருந்தால், சின்ன எண்ணிலிருந்து ஒரு முறையும் பெரிய எண்ணிலிருந்து ஒரு முறையும் ஓட்டிப் பார்ப்பதுதான் பாதுகாப்பு. சில சமயம் கிலோ கழித்தல் குறியோடு வரும். ஒரு கிலோ ஆட்டினாலே நஷ்டம் என்ற நிலை வந்துவிட்டது, எவ்வளவு விற்றாலும் லாபம் வராது என்று அதற்கு அர்த்தம்.

மோசமான மாதத்தில் 12,727 கிலோவுக்கு ஓடுவதா? இப்போதே 5,000 தான் போகிறது. இந்த இடத்தில் கேள்வியைத் திருப்பிப் போடலாம். B5-இல் 8,000 என்று வைத்துவிட்டு, By changing cell-இல் B1-ஐக் கொடுத்தால் விலை கிடைக்கும்: 43 ரூபாய் 21 காசு. அதே கேள்வியை 5,000 கிலோவுக்குக் கேட்டால் 50 ரூபாய் 87 காசு. பக்கத்துத் தெருவில் 40-க்குக் கிடைக்கும்போது அது நடக்காத விலை. விலையை ஏற்றாமல் 8,000 கிலோவுக்கு ரிட்டனை மட்டும் தேடச் சொன்னால் 0.6% என்று வரும். மாதம் 640 பாக்கெட் திரும்பும் இடத்தில் 50 தான் திரும்பலாம் என்று பொருள். வெயில் காலத்தில் எந்த மாவுக் கடைக்காரரும் அதை நம்ப மாட்டார்.

ஆக, விலையைத்தான் தொட வேண்டும் போலிருக்கிறது. 43 ரூபாய் 21 காசு என்று யாரும் பாக்கெட்டில் அச்சடிப்பதில்லை. 44 என்று வைத்து, கிலோவை மறுபடி தேடினால் 7,532 வருகிறது. 8,000 கிலோ ஆட்டும் இடத்தில், விலை ஏற்றத்தால் 468 கிலோ வரை குறைந்தாலும் 40,000 நிற்கும். ஒரு நாளைக்குப் பதினைந்து பாக்கெட். நாலு ரூபாய் ஏற்றினால் பதினைந்து பாக்கெட்டுக்கு மேல் குறையுமா, குறையாதா என்பதைத் தாள் சொல்லாது. இரண்டு வாரம் இரண்டு மளிகைக் கடையில் மட்டும் 44-க்குப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.