ஸ்கேனர் போட்ட மதிப்பெண்

இந்த அறிவியல் தேர்வின் ஓ.எம்.ஆர். தாள்களை ஸ்கேனர்தான் திருத்தியது. விடையின் பொருள் அதற்குத் தெரியாது. எந்த வட்டம் எவ்வளவு கருத்திருக்கிறது என்று அளந்து, விடைக்குறிப்போடு ஒப்பிடும், அவ்வளவுதான்.

பெரும்பாலும் அழிப்பதில்தான் சிக்கல். ஒரு மாணவி 17ஆம் கேள்விக்கு ‘ஆ’வை நிரப்பி, அரைகுறையாக அழித்துவிட்டு, சரியான ‘இ’யை நிரப்பியிருந்தாள். இரண்டும் கருப்பாகத் தெரிந்ததால் பூஜ்யம் விழுந்தது. தாளைக் கண்ணால் பார்த்ததும் அவள் எண்ணம் விளங்கியது, மதிப்பெண் கொடுத்தேன். பென்சிலை லேசாகத் தேய்த்திருந்தாலோ விடையே இல்லையென்று ஸ்கேனர் கொள்ளும்.

சந்தேகமிருந்தால் பிள்ளையின் ஸ்கேன் படத்தையும் விடைக்குறிப்பையும் என்னிடம் கேட்டு வாங்குங்கள். வேறுபடும் கேள்வி எண்களை மட்டும் எழுதிக் கொடுங்கள். அசல் தாளை நானும் இன்னோர் ஆசிரியரும் பார்ப்போம். மதிப்பெண் குறையவும் கூடும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.