ஊசல் சொல்லும் விடையை எவ்வளவு நம்பலாம்?

ஒரு நாள் ஆய்வுக்கூடத்தில் இரண்டு மாணவர்களுக்குள் வாதம் எழுந்தது. தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். விடை, வினாடிக்கு வினாடி 9.78 மீட்டர். "பாடப்புத்தகத்தில் 9.81 என்று இருக்கிறது. நம் சோதனையில் எங்கோ தவறு நேர்ந்திருக்கிறது" என்றான் ஒருவன். "இல்லை, நிலநடுக்கோட்டுக்கு அருகே g குறைவு. சென்னையின் அட்சரேகைக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 9.783 வரும். நாம் அதையே நிரூபித்துவிட்டோம்" என்றான் மற்றவன். இருவரில் யார் சொல்வது சரி?

இதற்கு விடை சொல்ல 9.78 என்ற எண் மட்டும் போதாது. அதன் பக்கத்தில் ± என்ற குறியிட்டு எழுத வேண்டிய இன்னொரு எண்ணும் வேண்டும். அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை அவர்களுடைய அளவீடுகளைக் கொண்டே பார்ப்போம்.

ஊசலின் நீளம் 1.000 மீட்டர். 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை நிறுத்து கடிகாரத்தால் பத்து முறை அளந்திருந்தார்கள். வினாடிகளில் அவை: 40.1, 40.3, 40.2, 40.0, 40.4, 40.1, 40.3, 40.2, 39.9, 40.3. இவற்றின் சராசரி 40.18. ஆகவே ஓர் அலைவு நேரம் T = 2.009 வினாடி. g = 4π²L/T² என்ற சூத்திரத்தில் இட்டால் 9.78 வருகிறது.

கடிகாரம் g-ஐ நேரடியாக அளக்கவில்லை, அளவுகோலும் அளக்கவில்லை. நீளத்தையும் நேரத்தையும் அளந்து, அவற்றிலிருந்து நாம் வருவித்த அளவு அது. நேரத்தில் உள்ள ஐயமும் நீளத்தில் உள்ள ஐயமும் சூத்திரத்தின் வழியாக நுழைந்து g-இல் கலந்துவிடுகின்றன. அந்தக் கலவை எவ்வளவு என்பதே நம் கேள்வி.

மேலே உள்ள பத்து நேரங்களைப் பாருங்கள். அடுத்த நாள் இதே சோதனையை மீண்டும் செய்திருந்தால் இதே பத்து எண்கள் வந்திருக்குமா? வந்திருக்காது. பொத்தானை அழுத்தும் விரல் ஒரு முறை முந்தும், ஒரு முறை பிந்தும். சராசரி சற்று மாறும், g-யும் மாறும். சோதனையை ஆயிரம் நாட்கள் செய்து ஆயிரம் g-க்களைத் திரட்ட முடிந்தால், அவை எவ்வளவு சிதறுகின்றன என்று பார்த்தே ஐயத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் அதற்கு நமக்கு நேரமேது?

இங்கேதான் ஓர் எளிய தந்திரம் உதவுகிறது. பத்து நேரங்களையும் பத்துத் துண்டுச் சீட்டுகளில் எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். கண்ணை மூடி ஒரு சீட்டை எடுத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, சீட்டைத் திரும்ப டப்பாவிலேயே போட்டுக் குலுக்குங்கள். இப்படிப் பத்து முறை எடுங்கள். சில சீட்டுகள் இரண்டு, மூன்று முறை வரும். சில வரவே மாட்டா. கிடைத்த பத்து எண்கள் ஒரு "கற்பனைச் சோதனை"யின் அளவீடுகள்.

நான் எடுத்தபோது முதல் முறை 40.3, 40.4, 40.3, 40.2, 40.4, 40.1, 40.3, 40.0, 40.3, 40.3 என்று வந்தன. ஒரே ஒரு சீட்டில் இருந்த 40.4 இரண்டு முறை வந்தது, 39.9 வரவே இல்லை. சராசரி 40.26, g = 9.74. அடுத்த முறை சராசரி 40.12 ஆகி, g = 9.81 வந்தது! சீட்டைத் திரும்பப் போடுவது மிக முக்கியம். போடாவிட்டால் ஒவ்வொரு முறையும் அதே பத்து எண்கள் வரிசை மாறி வரும். சராசரி அசையவே அசையாது.

இம்முறையை 1979-இல் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் பிராட்லி எஃப்ரான் ஒரு கட்டுரையில் விளக்கி, "பூட்ஸ்ட்ராப்" என்று பெயரிட்டார். தமிழில் மறு மாதிரியெடுப்பு எனலாம்.

நீளத்துக்கு என்ன செய்வது? அதை ஒரே ஒரு முறைதான் அளந்தார்கள். சீட்டுப் போட எண்கள் இல்லை. முடிச்சு இருக்கும் இடத்தையும் குண்டின் மையத்தையும் கண்ணால் மதிப்பிட வேண்டியிருந்ததால், 2 மில்லிமீட்டர் அளவுக்குத் திட்ட விலக்கம் இருக்கலாம் என்று கருதினோம். ஆகவே ஒவ்வொரு கற்பனைச் சோதனைக்கும், 1.000-ஐ மையமாகக் கொண்டு மணி வடிவில் பரவிய எண்களிலிருந்து ஒரு நீளத்தைக் குருட்டாம்போக்கில் எடுக்கிறோம். இது அளவீட்டிலிருந்து வந்த எண் அன்று, நாம் கருதிக்கொண்ட எண் என்பதை நினைவில் வையுங்கள்.

பத்தாயிரம் முறை சீட்டுக் குலுக்கினால் கை ஓய்ந்துவிடும். அந்த வேலையைக் கணிப்பொறியிடம் விடுவோம். பைத்தான் மொழியில் நிரல் இவ்வளவுதான்:

```python
import numpy as np

rng = np.random.default_rng(7)
t20 = np.array([40.1, 40.3, 40.2, 40.0, 40.4,
                40.1, 40.3, 40.2, 39.9, 40.3])
N = 10000
g = np.empty(N)
for i in range(N):
    t = rng.choice(t20, size=10, replace=True)
    L = rng.normal(1.000, 0.002)
    T = t.mean() / 20
    g[i] = 4 * np.pi**2 * L / T**2

print(g.mean(), g.std(ddof=1))
print(np.percentile(g, [2.5, 97.5]))
```

`rng.choice` உள்ள வரிதான் டப்பா; `replace=True` என்பது சீட்டைத் திரும்பப் போடச் சொல்லும் கட்டளை. அடுத்த வரி நீளத்தை எடுக்கிறது. `default_rng` அடைப்பில் உள்ள 7 என்பது குலுக்கலின் தொடக்க எண். அதே எண்ணைக் கொடுத்தால் உங்கள் நண்பர் இயக்கினாலும் அதே குலுக்கல் வரும். வேறு எண் கொடுத்துப் பாருங்கள். கடைசி இலக்கங்கள்தாம் சற்று மாறும்.

விடையை உருட்டி எழுதினால் சராசரி 9.78, திட்ட விலக்கம் 0.03. பத்தாயிரம் விடைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து 9.72-க்கும் 9.84-க்கும் இடையே விழுகின்றன.

நம் வாதத்துக்குத் தீர்ப்பு இதோ: 9.783 இந்த எல்லைக்குள் இருக்கிறது, 9.81-உம் இருக்கிறது! இரண்டையும் பிரித்தறியும் திறன் இந்தச் சோதனைக்கு இல்லை. முதல் மாணவன் சொன்னபடி தவறு நேர்ந்ததற்குச் சான்றில்லை. இரண்டாமவன் சொன்ன செய்தி உண்மைதான். ஆனால் இந்த ஊசல் அதை நிரூபிக்கவில்லை.

வகுப்பில் நீங்கள் படித்த விதிப்படி நீளத்தின் சார்பிழையையும் நேரத்தின் சார்பிழையைப் போல் இரு மடங்கையும் கூட்டினால், 0.0020 + 0.0023 = 0.0043, அதாவது g-இல் 0.042. நமக்குக் கிடைத்ததோ 0.03. ஏன் குறைந்தது? நேராகக் கூட்டும்போது, நீளமும் நேரமும் ஒரே சமயத்தில் பாதகமான திசையிலேயே பிழைபடும் என்று கொள்கிறோம். குலுக்கலில் அப்படி நேர்வது சில முறைதான். பல முறை ஒன்றன் பிழையை மற்றது ஓரளவு ஈடுசெய்துவிடுகிறது.

இந்த நிரலால் இன்னொரு பயனும் உண்டு. 0.002-க்குப் பதில் 0 போட்டு இயக்கினால், நேரத்தால் மட்டும் வரும் சிதறல் 0.023 என்று தெரியும். நீளத்தை அப்படியே விட்டு, `t = t20` என்று மாற்றினால் நீளத்தின் பங்கு 0.020. இரண்டும் ஏறக்குறையச் சமம். ஆகவே ஒன்றை மட்டும் திருத்திப் பயனில்லை. 20-க்குப் பதில் 100 அலைவுகளை அளந்து, நீளத்தை அரை மில்லிமீட்டருக்குத் துல்லியமாக்கினால் மொத்தச் சிதறல் 0.007 ஆகக் குறையும். அப்போது 9.78-ஐயும் 9.81-ஐயும் பிரித்துச் சொல்லலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: ஊசலை 5 டிகிரி விலக்கி விட்டாலே அலைவு நேரம் சற்றுக் கூடி, g 0.009 அளவுக்குக் குறைவாகத் தெரியும். அது இந்த 0.007-ஐ விடப் பெரிது!

சில மாணவர்கள் கேட்பார்கள்: "பத்தாயிரத்துக்குப் பதில் பத்து லட்சம் முறை குலுக்கினால் ± இன்னும் சிறிதாகுமா?" ஆகாது. 0.03 என்ற மதிப்பு அசையாமல் உறுதிப்படும், அவ்வளவே. டப்பாவில் இருப்பது பத்துச் சீட்டுகள்தாம். குலுக்குவதால் புதிய செய்தி பிறக்காது. சீட்டுகள் மிகக் குறைந்தால் முறையே பொய் சொல்லத் தொடங்கும். மூன்றே அளவீடுகள் இருந்தால் சிதறலை அது ஏறத்தாழ 18 சதவீதம் குறைத்துக் காட்டும். பத்துக்கு இந்தக் குறை 5 சதவீதம்தான்.

எல்லாவற்றையும் விடப் பெரிய வரம்பு வேறு. எல்லாச் சீட்டுகளிலும் ஒரே விதமாகக் குடியேறிய பிழையைக் குலுக்கல் காணாது. குண்டின் மையம் வரை அளக்காமல் அதன் உச்சி வரை அளந்து 1 சென்டிமீட்டர் விட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். g 9.68 ஆகிவிடும், நிரலோ அப்போதும் ± 0.03 என்றே சொல்லும். முதல் அலைவைத் தொடங்கும்போதே "ஒன்று" என்று எண்ணினால், 19 அலைவுகளை 20 என்று எடுத்துக்கொண்டு 10.84 என்ற விடைக்குப் போவீர்கள்.

இவற்றைக் கண்டுபிடிக்கச் சோதனையைத்தான் மாற்ற வேண்டும். 20 அலைவுகளுக்கும் 40 அலைவுகளுக்கும் தனித்தனியே T காணுங்கள். எண்ணிக்கை தவறியிருந்தால் ஒன்று 1.909, மற்றது 1.959 என்று வேறுபட்டு நிற்கும். நீளப் பிழைக்கு, பல நீளங்களில் அளந்து T²-க்கும் L-க்கும் வரைபடம் போடுங்கள். கோடு ஆதிப்புள்ளி வழியே செல்லாமல் விலகினால் நீளத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. கோட்டின் சாய்விலிருந்து காணும் g-யை அந்தப் பிழை பாதிக்காது.

கடைசியாக, குறிப்பேட்டில் இதை எப்படி எழுதுவது? "கணிப்பொறியில் பிழை கண்டோம்" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. ஐந்து வாக்கியங்கள் போதும்:

"20 அலைவுகளின் பத்து நேர அளவீடுகளைத் திரும்பப் போடும் முறையில் 10,000 தடவை மறு மாதிரியெடுத்தோம். நீளம் ஒவ்வொரு தடவையும் 1.000 மீ மையமும் 0.002 மீ திட்ட விலக்கமும் கொண்ட இயல்நிலைப் பரவலிலிருந்து எடுக்கப்பட்டது. இந்த விலக்கம் எங்கள் மதிப்பீடு. கிடைத்த g மதிப்புகளின் சராசரி 9.78, திட்ட விலக்கம் 0.03 மீ/வி². முறையான பிழைகள் இதில் சேரவில்லை."

எதைக் குலுக்கினோம், எதைக் கருதிக்கொண்டோம், எத்தனை முறை, எது சேரவில்லை என்ற நான்கும் இதில் வந்துவிட்டன. இதைப் படிக்கும் எவரும் உங்கள் கணக்கைத் தாமே திரும்பச் செய்து பார்க்கலாம். அந்த இரு மாணவர்களும் இப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள். மறுவாரமே 100 அலைவுகளை எண்ண ஊசலின் முன் உட்கார்ந்தார்கள். இம்முறை "பூச்சியம்" என்று தொடங்கி.