பேனாவோடு வந்த கடிதம்

ஒரே வீட்டில் இருக்கும் மகளுக்கு அம்மா எதற்காகக் கடிதம் எழுத வேண்டும்? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாழ்ந்த அபிகெயில் ஆல்காட்டுக்கு அது வழக்கமாகவே இருந்தது. வீட்டுக்குள்ளேயே ஒரு சின்னத் தபால் ஏற்பாடு வைத்திருந்தார். வீட்டார் ஒருவருக்கொருவர் எழுதிப் போட்டுக்கொள்வார்கள். நான்கு பெண்களில் இரண்டாமவளுக்குத்தான் அதன் தேவை அதிகம். படபடவென்று கோபம் வரும், மறு நிமிடமே அழுகை வரும். நேரில் சொன்னால் சண்டையில் முடியக்கூடிய பேச்சு, தாளில் எழுதினால் அவளிடம் போய்ச் சேர்ந்தது. பின்னாளில் 'லிட்டில் விமன்' நாவலை எழுதிய லூயிசா மே ஆல்காட் அவள்தான்.

லூயிசாவுக்குப் பதின்மூன்று நிறைந்தது 1845 நவம்பர் 29இல். அவளுடைய அப்பா பிரான்சனும் அதே தேதியில் பிறந்தவர். அவர் பெரிய சிந்தனையாளர், ஆனால் சம்பாதிக்கத் தெரியாதவர். 1843இல் நண்பரோடு சேர்ந்து, விலங்குகளிடமிருந்து எதையும் பெறாமல் வாழும் ஒரு லட்சியப் பண்ணையைத் தொடங்கினார். குளிர்காலம் வந்ததும் அது கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு கான்கார்ட் ஊரில் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு வீடு அமைந்தது என்றால், அபிகெயிலுக்கு வந்த பரம்பரைப் பணமும் எமர்சன் செய்த உதவியும்தான் காரணம்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்தநாள் பரிசு எவ்வளவு பெரிதாக இருந்துவிடப்போகிறது? பத்தாவது பிறந்தநாளுக்குக் கிடைத்தது ஒரு பென்சில் பெட்டி. கூடவே ஒரு சிறு கடிதம். உனக்கு எழுதப் பிடிக்கிறது என்பதைக் கவனித்தேன், அந்தப் பழக்கம் வளரட்டும் என்றுதான் இதைத் தருகிறேன் என்பது அதன் சாரம். மகள் என்னவாக வேண்டும் என்ற தன் ஆசையை அம்மா பரிசாக்கவில்லை. ஏற்கெனவே அவள் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று பார்த்துவிட்டு, அதற்கு வேண்டிய பொருளைக் கொடுத்தார்.

பதின்மூன்று வயதில் கிடைத்தது தனி அறை. 1846 மார்ச் மாதம் நாட்குறிப்பில் அதைப் பற்றிப் பூரித்து எழுதியிருக்கிறாள் லூயிசா. அம்மா அறையை அழகாக ஒழுங்குபடுத்திக் கொடுத்ததையும், சன்னலோரம் தன் மேசை இருப்பதையும், கதவைத் திறந்தால் தோட்டம் வழியாகக் காட்டுக்கு ஓடிவிடலாம் என்பதையும் குறித்து வைத்திருக்கிறாள். சகோதரிகளின் இரைச்சலுக்கு நடுவே எழுத முயன்ற பெண்ணுக்கு, பென்சில் பெட்டியைவிட இது பெரிய கொடை.

அந்த ஆண்டு நவம்பரில், பதினான்கு நிறைந்தபோது, ஒரு பேனா வந்தது. அதோடு வந்த கடிதத்தில் வெறும் வாழ்த்து இல்லை. தாராளமாக எழுது, தகுதியானதை எழுது என்று தொடங்கும் அம்மா, உன் சுபாவம் தனி மாதிரியானது, உனக்கு உண்மையில் உதவக்கூடியவர்கள் மிகச் சிலரே என்று ஒளிக்காமல் சொல்கிறார். முதலிடத்தில் நிற்பவர்களோடு நிற்கும் திறமை உனக்கு உண்டு என்றும் எழுதுகிறார். குறையைச் சொன்ன பிறகு வருவதால்தான் அந்தப் பாராட்டை நம்ப முடிகிறது.

பதின்மூன்றாம் பிறந்தநாள் கடிதம் என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது இந்திராவுக்கு நேரு எழுதியது. 1930இல் நைனி சிறையிலிருந்து எழுதினார். கையில் எடுத்துக் கொடுக்கும்படியான பரிசு எதையும் சிறையிலிருந்து அனுப்ப முடியாத நிலை. அதனால் கடிதமே பரிசாகி, நீண்டு, கடைசியில் உலக வரலாற்று நூலாகவே விரிந்தது. அபிகெயிலின் கடிதங்கள் சில வரிகளில் முடிந்துவிடுபவை. பாதிச் செய்தியைப் பென்சில் பெட்டியும் பேனாவுமே சொல்லிவிட்டன.

இந்த அன்பில் ஒரு சுமையும் இருந்தது. இன்னொரு முறை அம்மா ஒரு படத்தைப் பரிசாக அனுப்பினார். உழைக்கும் மகளும் அவளை நம்பி வாழும் நலிந்த தாயும் உள்ள படம். நீயும் நானும் இப்படித்தான் என்று கற்பனை செய்துகொள்வேன் என்று அதோடு எழுதினார். சின்னப் பெண்ணிடம் சொல்லக்கூடியதா இது என்று இன்றைய வாசகர் முகம் சுளிக்கலாம், சுளிப்பதும் நியாயம்தான். லூயிசா அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். தையல், ஆசிரியர் வேலை, வீட்டு வேலை என்று கிடைத்ததையெல்லாம் செய்தார். 1868இல் 'லிட்டில் விமன்' வெளிவந்த பிறகுதான் குடும்பம் கடனிலிருந்து மீண்டது.

அதற்கு முன்பே, 1854 கிறிஸ்துமஸ் அன்று, அம்மாவின் காலுறைக்குள் தன் முதல் புத்தகமான 'பிளவர் பேபிள்ஸ்' நூலை வைத்தார் லூயிசா. அப்போது அவருக்கு வயது 22. கூடவே ஒரு கடிதமும் வைத்தார். இதில் ஏதாவது நன்றாக இருந்தால், அதற்குத் தொடக்கத்திலிருந்து நீங்கள் காட்டிய அக்கறையும் தந்த ஊக்கமும்தான் காரணம் என்று அதில் எழுதியிருந்தார்.

அபிகெயில் 1877இல் காலமானார். அவருடைய நாட்குறிப்புகளில் பெரும்பகுதியைப் பின்னர் லூயிசாவே எரித்துவிட்டார். பிறந்தநாள் கடிதங்கள் சில தப்பின. லூயிசா இறந்த மறு ஆண்டு, 1889இல், எட்னா செனி தொகுத்த வாழ்க்கை வரலாற்றில் அவை அச்சேறின.