பத்துக்கு ஒன்பது என்றால் தொண்ணூறு சதவீதமா?

அம்பத்தூர், ஆவடி பகுதிப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வருகிறேன். ஒரு குறுவள மையக் கூட்டத்தில் நான் செய்த கணக்கு ஒன்று, கரும்பலகையிலேயே என்னைத் தலைகுனிய வைத்தது. அதிலிருந்து கற்றுக்கொண்டதை இங்கே பகிர்கிறேன்.

எங்கள் மையத்துப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பில் ஏறத்தாழ 400 மாணவர்கள் இருந்தார்கள். மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க எத்தனை பேருக்குத் தெரியும் என்று அறிய, வருகைப் பதிவேடுகளிலிருந்து சீட்டுக் குலுக்கிப் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தோம். ஒன்பது பேர் சரியாகச் செய்தார்கள். "தொண்ணூறு சதவீதம் பேருக்கு வருகிறது. மாலை நேரக் குறைதீர் வகுப்பை நிறுத்திவிடலாமே" என்றார் ஒருவர்.

பத்துப் பேரை வைத்து 400 பேரைப் பற்றிச் சொல்வதால், நம்பிக்கை இடைவெளியையும் கணக்கிடுவோம் என்று எழுந்தேன். கல்லூரியில் நாம் எல்லோரும் படித்த சூத்திரம்தான்:

```
p ± 1.96 × √( p(1 − p) / n )
```

p = 0.9, n = 10 என்று இட்டால் திட்டப்பிழை 0.095. அதை 1.96ஆல் பெருக்க 0.186. ஆகவே இடைவெளி 71.4 முதல் 108.6 சதவீதம் வரை. பின் வரிசையிலிருந்து ஒரு டீச்சர் கேட்டார்: "சார், அந்த எட்டரை சதவீதப் பிள்ளைங்க எந்த ஸ்கூல்ல படிக்கிறாங்க?"

எல்லோரும் சிரித்தோம். பிறகு 108.6ஐ 100 என்று திருத்தி எழுதிவிட்டு உட்கார்ந்தேன். ஆனால் பிழை மேல் முனையில் மட்டும் இல்லை, கீழ் முனையும் தவறு என்பது வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் புரிந்தது.

எங்கே தவறுகிறது?

திட்டப்பிழையைக் கணக்கிட, மாணவர்களின் உண்மையான விகிதம் தெரிய வேண்டும். அது தெரியாததால், கூறில் கிடைத்த 0.9ஐ அதன் இடத்தில் வைத்துவிடுகிறோம். கூறு பெரிதாக இருந்தால் இதனால் பெரிய கேடில்லை. கூறு சிறிதாக இருந்து, விகிதமும் 0 அல்லது 1க்கு அருகில் இருந்தால் கணக்கு கவிழ்கிறது. பத்துக்குப் பத்தும் சரி என்று வந்திருந்தால் என்ன ஆகும்? p(1 − p) பூச்சியம். இடைவெளி 100 முதல் 100 வரை! பத்துப் பேரைப் பார்த்துவிட்டு, 400 பேரில் ஒருவர்கூடத் தவறவில்லை என்று சூத்திரம் சத்தியம் செய்கிறது.

வில்சன் கேட்ட கேள்வி

எட்வின் பிட்வெல் வில்சன் என்ற அமெரிக்க அறிஞர் 1927இல் இதை வேறு வழியில் அணுகினார். கிடைத்த விடையைச் சுற்றி எல்லை போடாமல், ஒவ்வொரு விகிதத்தையும் தனித்தனியே எடுத்துச் சோதிக்கலாம் என்றார். "உண்மை விகிதம் இதுவாக இருந்தால், பத்துக்கு ஒன்பது வருவது நம்பக்கூடியதா?" என்பதே கேள்வி. திட்டப்பிழையையும் அந்தந்த விகிதத்தைக் கொண்டே கணக்கிட வேண்டும்.

உண்மை விகிதம் 60 சதவீதம் என்று கொள்வோம். அப்போது திட்டப்பிழை √(0.6 × 0.4 / 10) = 0.155. நமக்குக் கிடைத்த 0.9 அதிலிருந்து 0.3 தள்ளி இருக்கிறது. 0.3ஐ 0.155ஆல் வகுத்தால் 1.94. இது 1.96க்குள் அடங்குவதால் 60 சதவீதத்தை ஒதுக்க முடியாது. பழைய சூத்திரமோ இதை ஒதுக்கிவிட்டது. இனி 99 சதவீதத்தை எடுப்போம். திட்டப்பிழை 0.031 மட்டுமே, விலகல் 0.09, வகுத்தால் 2.9 வருகிறது. ஆகவே 99ஐ ஒதுக்க வேண்டும். பழைய சூத்திரம் இதை உள்ளே வைத்திருந்தது.

இப்படித் தேறும் விகிதங்களின் தொகுப்பே வில்சன் இடைவெளி. இதை 'ஸ்கோர்' இடைவெளி என்றும் சொல்வார்கள். மதிப்பெண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தேவையில்லை, ஓர் இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் இரு முனைகளும் கிடைத்துவிடும் (z = 1.96):

```
( p + z²/2n ± z √( p(1−p)/n + z²/4n² ) ) / ( 1 + z²/n )
```

எங்கள் கணக்குக்கு விடை 59.6 முதல் 98.2 சதவீதம். பத்துக்குப் பத்து வந்திருந்தால் 72.2 முதல் 100. இடைவெளியின் மையம் 90இல் இல்லாமல் 79 அருகே இருப்பதைக் கவனியுங்கள். கூறோடு இரண்டு சரி, இரண்டு தவறு என நான்கு கற்பனை மாணவர்களைச் சேர்த்தால் 11/14, அதாவது 78.6 சதவீதம், கிட்டத்தட்ட அதே மையம். சிறிய கூறு சொல்வதை முழுதாக நம்பாமல், சற்றே பாதியை நோக்கி இழுத்துப் பார்க்கிறது இந்த முறை.

முடிவு எப்படி மாறியது?

பழைய சூத்திரப்படி, வகுத்தல் தெரியாதவர்கள் அதிகபட்சம் 28.6 சதவீதம், அதாவது 400இல் சுமார் 114 பேர். வில்சன்படி அந்த எண்ணிக்கை சுமார் 162 வரை இருக்கலாம். அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். வகுப்பை நிறுத்துவது தள்ளிவைக்கப்பட்டது; இன்னும் பலரைச் சோதித்த பிறகே முடிவெடுப்பது என்றானது.

வகுப்பறையில் செய்து பார்க்க

மேல்நிலை மாணவர்களோடு இதைச் செய்து பார்க்கலாம். ஒரு டப்பாவில் 100 புளியங்கொட்டைகளைப் போட்டு, அவற்றில் பத்துக்குச் சுண்ணாம்பு தடவிவிடுங்கள். குறியில்லாதவை 90 சதவீதம் என்பது நமக்குத் தெரியும். ஒவ்வொரு மாணவரும் ஒரு கொட்டை எடுத்து, பார்த்து, திரும்பப் போட்டுக் குலுக்கிப் பத்து முறை எடுக்கட்டும். பிறகு இரண்டு முறைகளிலும் இடைவெளி கணக்கிட்டு, 90 அதற்குள் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

பத்தும் குறியில்லாததாக வர வாய்ப்பு 0.9இன் பத்தாம் அடுக்கு, அதாவது சுமார் 35 சதவீதம். நாற்பது பேர் வகுப்பில் ஏறத்தாழ 14 பேருக்கு இப்படி வரும். அந்த 14 பேரின் பழைய இடைவெளியும் 100–100 என்று சுருங்கி, 90ஐத் தவறவிடும். ஈருறுப்புப் பரவலில் முழுதாகக் கணக்கிட்டால், 95 சதவீதம் என்று வாக்களித்த சூத்திரம் இங்கே 65 சதவீத நேரம்தான் 90ஐப் பிடிக்கிறது. வில்சன் முறை 93 சதவீத நேரம் பிடிக்கிறது.

பிரவுன், காய், தாஸ்குப்தா ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையும், கூறு 40 அல்லது அதற்குக் குறைவாக இருக்கும்போது பரிந்துரைக்கும் முறைகளுள் வில்சன் முறையும் ஒன்று. கூறு பெரிதானால் வேறுபாடு குறைந்துவிடும். நூற்றுக்குத் தொண்ணூறு என்றால் பழைய முறை 84.1–95.9, வில்சன் 82.6–94.5.

இரண்டு எச்சரிக்கைகள். முன் பெஞ்சுப் பிள்ளைகளாகப் பார்த்துப் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தால் எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது. சீட்டுக் குலுக்கல் கட்டாயம். முப்பது பேர் உள்ள ஒரே வகுப்பைப் பற்றி அறிய இந்தக் கணக்கே வேண்டாம். முப்பது பேரையும் ஒரு பாடவேளையில் சோதித்துவிடலாம்.

எங்கள் மையத்தில் இப்போது சதவீதத்துக்கு அருகில் எத்தனை பேரைச் சோதித்தோம் என்பதையும், வில்சன் இடைவெளியின் இரு முனைகளையும் சேர்த்தே எழுதுகிறோம். "90%" என்று இருந்த இடத்தில் "10இல் 9; 60 முதல் 98 வரை" என்று இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு வகுப்பை நிறுத்தலாம் என்று யாருக்கும் சொல்லத் தோன்றுவதில்லை.